தவறான எண்களோடு அறிக்கை போய்விட்டால்: திருத்த அறிவிப்பை எப்படி எழுதுவது

காலை ஏழு மணிக்குத் தானாகவே கிளம்பிப் போகும் அறிக்கையை அனுப்புவதற்கு முன் யாரும் பார்ப்பதில்லை. எண் தப்பாக இருந்தாலும் அதே எழுத்துருவில், அதே நம்பகமான கட்டங்களுக்குள் அது போய்ச் சேரும். தப்பு நடந்த பிறகு பெறுநர்களுக்கு எழுதுகிற மடலைத்தான் திருத்த அறிவிப்பு என்கிறோம். மன்னிப்புக் கேட்பதே இதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் வேலை வேறு: 'என் கையில் இருக்கிற எந்த எண் தப்பு, எவ்வளவு தப்பு, அதை வைத்து நான் ஏற்கெனவே செய்ததை இப்போது என்ன செய்வது?' என்ற பெறுநரின் கேள்விக்குப் பதில் சொல்வது. மன்னிப்புக்கு அதில் ஒரு வரி போதும்.

ஒரு கற்பனைத் துணிக்கடையை எடுத்துக்கொண்டு இதை முழுவதுமாகப் பார்ப்போம். ஈரோடு, கரூர், சேலம், திருப்பூர் என நான்கு கிளைகள். தினமும் காலை 7:00 மணிக்கு முந்தைய நாள் விற்பனை அறிக்கை 38 பேருக்கு மின்னஞ்சலில் போகிறது: கிளை மேலாளர்கள், கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு, முதலாளி குடும்பத்தார். 2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை காலை. மார்ச் 6-ஆம் தேதியின் மொத்த விற்பனை 17,38,500 ரூபாய் என்கிறது அறிக்கை. எட்டரை மணிக்கு ஈரோட்டுக் கணக்காளர் போன் செய்கிறார்: "சார், ரொக்கத்தையும் கார்டு-யூபிஐயையும் கூட்டினா 15,64,150தானே வருது? மொத்தத்துல மட்டும் எப்படி 17 லட்சம் வந்துச்சு?"

அவர் சொல்வது சரி. அறிக்கையிலேயே ரொக்கம் 6,12,400, கார்டும் யூபிஐயும் சேர்ந்து 9,51,750 என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை.

முதலில் செய்ய வேண்டியது மடல் எழுதுவதல்ல, அறிக்கையை நிறுத்துவது. இதை மறந்தால் திருத்தம் போன மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே தப்பு மறுபடியும் போகும், அதன்பின் உங்கள் திருத்தத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். லினக்ஸ் சர்வரில் `crontab -e` கொடுத்து, அந்த வரியின் முன்னால் ஒரு `#` போட்டால் போதும்:

```
# 0 7 * * * /opt/reports/daily_sales.sh
```

அடுத்து, காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் ஒரு சிறு மடல் போக வேண்டும். கொள்முதல் பிரிவு பத்து மணிக்கு அந்த எண்ணை வைத்து ஆர்டர் போடக்கூடும். காரணத்தைக் கண்டுபிடித்து முடிக்க மதியம் ஆகலாம். அதனால் அறிவிப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே நல்லது: முதலாவது 'பயன்படுத்தாதீர்கள்' என்று சொல்வது, இரண்டாவது சரியான எண்களைக் கொடுப்பது. முதல் மடல் இவ்வளவுதான்:

> தலைப்பு: பயன்படுத்த வேண்டாம் – இன்று காலை 7:00 மணி விற்பனை அறிக்கை (மார்ச் 6)
>
> இன்று காலை வந்த விற்பனை அறிக்கையில் 'மொத்த விற்பனை' உண்மையைவிட அதிகமாகக் காட்டப்பட்டுள்ளது. அந்த எண்ணை வைத்து ஆர்டர், இலக்கு, ஊக்கத்தொகை எதையும் முடிவு செய்ய வேண்டாம். முந்தைய நாள்களின் அறிக்கைகளும் பாதிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். சரியான எண்களோ, அதுவரை தெரிந்த விவரமோ 11:30 மணிக்குள் உங்களுக்கு வரும்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். 'விரைவில்' என்று எழுதினால் பெறுநர் ஒவ்வொருவராகப் போன் செய்வார்கள், நீங்கள் பிழையைத் தேட வேண்டிய நேரம் பதில் சொல்வதிலேயே போய்விடும். மணி சொல்லிவிட்டால் அதுவரை காத்திருப்பார்கள். 11:30-க்குள் வேலை முடியாவிட்டாலும் 'இன்னும் முடியவில்லை, ஒரு மணிக்கு எழுதுகிறோம்' என்று அந்த நேரத்துக்கு ஒரு மடல் போயாக வேண்டும்.

போன மடலைத் திரும்பப் பெற்றுவிடலாமே என்று தோன்றும். ஜிமெயிலில் அனுப்பியதை ரத்து செய்ய அதிகபட்சம் 30 நொடிதான் அவகாசம். அவுட்லுக்கில் உள்ள திரும்பப்பெறும் வசதி ஒரே நிறுவனத்தின் அஞ்சல்பெட்டிகளுக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளியே இருக்கிற ஆடிட்டரின் பெட்டியிலிருந்து எதையும் எடுக்க முடியாது. அப்படியே எடுக்க முடிந்தாலும், எண்ணைப் படித்து மனதில் வாங்கியவரிடமிருந்து அதை எடுக்க முடியாது. அந்த முயற்சியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இப்போது காரணத்தைத் தேடலாம். அறிக்கையை உருவாக்கும் வினவலில் நமக்கு வேண்டிய பகுதி இப்படி இருக்கிறது:

```sql
SELECT b.branch,
       COUNT(DISTINCT b.id) AS bills,
       SUM(b.total) AS sales,
       SUM(CASE WHEN p.mode = 'CASH'
                THEN p.amount ELSE 0 END) AS cash
FROM bills b
JOIN payments p ON p.bill_id = b.id
WHERE b.bill_date = '2025-03-06'
GROUP BY b.branch;
```

ஒரே ஒரு பில்லை எடுத்துப் பாருங்கள். 2,400 ரூபாய்க்கு ஒரு சேலை. வாடிக்கையாளர் ஆயிரத்தை ரொக்கமாகவும் 1,400-ஐ யூபிஐயிலும் கொடுக்கிறார். பில்களின் அட்டவணையில் இதற்கு ஒரு வரி. பணம் பெற்ற அட்டவணையில் இரண்டு வரி. இரண்டையும் `JOIN` செய்தால் அந்தப் பில் இரண்டு வரியாக விரிகிறது, இரண்டிலும் 2,400 என்றே இருக்கிறது. `SUM(b.total)` அதை 4,800 ஆக்கிவிடுகிறது. ரொக்கம் மட்டும் `p.amount`-இலிருந்து வருவதால் ஆயிரம் ஆயிரமாகவே நிற்கிறது. பில் எண்ணிக்கை `DISTINCT` போட்டு எண்ணப்படுவதால் அதுவும் சரி. தப்பு மொத்த விற்பனையிலும், அதிலிருந்து கணக்கிடும் எண்களிலும் மட்டுமே.

இவ்வளவு நாள் இது ஏன் தெரியவில்லை? ஒரு பில்லுக்கு ஒரே வகையில் பணம் வாங்கிய காலம்வரை இரண்டு அட்டவணையிலும் ஒவ்வொரு வரிதான் இருந்தது, பெருகுவதற்கு எதுவும் இல்லை. மார்ச் 3, திங்கள்கிழமை, பில் போடும் மென்பொருளில் ஒரே பில்லுக்கு இரண்டு வகையில் பணம் வாங்கும் வசதி வந்தது. கரூருக்கு மட்டும் அது இன்னும் போகவில்லை. ஆக மார்ச் 4 முதல் 7 வரை காலையில் போன நான்கு அறிக்கைகளுமே தப்பு. ஈரோட்டுக்காரர் கண்டுபிடித்தது அதில் நான்காவது.

இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள் செய்யும் ஒரு தப்பை அழுத்திச் சொல்ல வேண்டும். `SUM(DISTINCT b.total)` என்று மாற்றிவிட்டால் இரட்டிப்பு போய்விடும் என்று தோன்றும். போகும், ஆனால் ஒரே கிளையில் ஒரே தொகைக்கு வந்த இரண்டு வெவ்வேறு பில்களும் ஒன்றாகிவிடும். 499 ரூபாய் சட்டை நாற்பது பேர் வாங்கினாலும் ஒரு 499 மட்டுமே கணக்கில் வரும். அதிகமாகக் காட்டியது இப்போது குறைவாகக் காட்டும், திருத்த அறிவிப்புக்கே திருத்தம் அனுப்ப வேண்டியிருக்கும். விற்பனையை பில்களின் அட்டவணையிலிருந்து தனியாகக் கூட்டிவிட்டு, பணம் வந்த விவரத்தைத் தனியாகக் கூட்டிச் சேர்ப்பதுதான் சரி.

சரி செய்த எண் உண்மையிலேயே சரியா என்பதை அதே வினவலை மறுபடி ஓட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வேறொரு பக்கத்திலிருந்து வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். நம் கடையில் அது எளிது: ரொக்கமும் கார்டு-யூபிஐயும் சேர்ந்த 15,64,150, கிளைகளின் கல்லாக் கணக்கோடும் வங்கிக்கு வந்த தொகையோடும் ஒத்துப்போகிறது, திருத்திய விற்பனையும் 15,64,150. இன்னொரு சோதனை, வித்தியாசத்தை விளக்க முடிகிறதா என்பது. வித்தியாசம் 1,74,350. அன்று இரண்டு வகையில் பணம் வாங்கிய பில்களின் கூட்டுத்தொகையும் மிகச் சரியாக அதுவேதான். ஒரு ரூபாய்கூட விளக்கமில்லாமல் மிச்சம் இல்லை என்றால்தான் காரணம் பிடிபட்டது என்று பொருள். 1,70,000 விளக்கப்பட்டு 4,350 மிச்சம் நின்றால் இன்னொரு பிழை உள்ளே இருக்கிறது; அந்த நிலையில் இரண்டாவது மடலை அனுப்பக் கூடாது.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் சறுக்குவார்கள். இன்றைய பெறுநர் பட்டியலை எடுத்து அனுப்பினால் போதாது. புதன்கிழமை பட்டியலிலிருந்து விலகியவர் செவ்வாய், புதன் அறிக்கைகளைக் கையில் வைத்திருக்கிறார். மின்னஞ்சல் சர்வரின் பதிவைப் பார்த்து, அந்த நான்கு நாளும் உண்மையில் யார் யாருக்குப் போனது என்று எடுக்க வேண்டும். அறிக்கை வேறு எங்கெல்லாம் பாய்கிறது என்றும் பார்க்க வேண்டும்: கிளை வாட்ஸ்அப் குழுவில் போடும் படம், அறிக்கைக் கோப்பைத் தானாக இழுத்துக்கொள்ளும் கணக்குப் பிரிவின் எக்செல், முதலாளி அறையில் ஓடும் திரை. மடல் அனுப்பியதால் எக்செலில் இருக்கும் எண் மாறாது, அதைத் தனியாகத்தான் மாற்ற வேண்டும். வெளியாள்களும் பெறுநராக இருந்தால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பிசிசி-யில் போடுங்கள்.

இனி இரண்டாவது மடல்.

> தலைப்பு: திருத்தம் – விற்பனை அறிக்கைகள், மார்ச் 3 முதல் 6 வரை (4 நாள்)
>
> மார்ச் 4, 5, 6, 7 தேதிகளில் காலை உங்களுக்கு வந்த நான்கு அறிக்கைகளிலும் மொத்த விற்பனை அதிகமாகக் காட்டப்பட்டது. சரியான எண்கள்:
>
> மார்ச் 3: அனுப்பியது 16,02,750 – சரியானது 15,11,300 – அதிகம் 91,450
> மார்ச் 4: அனுப்பியது 15,88,900 – சரியானது 14,46,150 – அதிகம் 1,42,750
> மார்ச் 5: அனுப்பியது 16,44,200 – சரியானது 14,87,600 – அதிகம் 1,56,600
> மார்ச் 6: அனுப்பியது 17,38,500 – சரியானது 15,64,150 – அதிகம் 1,74,350
>
> தவறானவை: மொத்த விற்பனை, சராசரி பில் தொகை, இலக்கு எட்டிய விழுக்காடு, மாதம் இதுவரை மொத்தம் (7-ஆம் தேதி அறிக்கையில் 5,65,150 அதிகம்).
> சரியானவை: பில் எண்ணிக்கை, ரொக்கம், கார்டு-யூபிஐ தொகைகள். கரூர் கிளையின் எல்லா எண்களும் சரி. மார்ச் 3-க்கு முந்தைய விற்பனை எண்களில் மாற்றம் இல்லை.
>
> காரணம்: ஒரே பில்லுக்கு இரண்டு வகையில் பணம் வாங்கியபோது, அந்தப் பில் இரண்டு முறை கூட்டப்பட்டது. இந்த வசதி மார்ச் 3-இல் வந்தது. கணக்கிடும் முறை இன்று மாற்றப்பட்டு, கல்லாக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.
>
> நீங்கள் செய்ய வேண்டியது: பழைய நான்கு கோப்புகளையும் பயன்படுத்தாமல், இணைப்பில் உள்ள 'திருத்தியது' என்று பெயரிட்ட கோப்புகளைப் பயன்படுத்துங்கள். கொள்முதல் பிரிவும் கணக்குப் பிரிவும் இந்த எண்களை வைத்து ஏற்கெனவே ஏதாவது செய்திருந்தால் இன்று மாலைக்குள் இதற்குப் பதில் எழுதுங்கள். யாருக்காவது அந்த அறிக்கையை அனுப்பியிருந்தால் இந்த மடலையும் அவருக்கு அனுப்புங்கள்.
>
> தவறுக்கு வருந்துகிறோம். நாளைய அறிக்கை வழக்கம்போல் 7:00 மணிக்கு வரும்.

இதில் சில இடங்கள் வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டவை. தப்பான எண்ணையும் சரியான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்திருக்கிறோம். சரியானதை மட்டும் கொடுத்தால், தன் குறிப்பேட்டில் 17,38,500 என்று எழுதி வைத்தவருக்கு எதை அடிப்பது என்று தெரியாது. தப்பான எண் மடலில் இருந்தால் தேடும்போதும் இந்த மடல் வந்து நிற்கும்.

வித்தியாசத்தை ரூபாயில் சொன்னோம், விழுக்காட்டில் சொல்லவில்லை. '11.1% அதிகம்' என்று எழுதியிருந்தால் அது சரியான தொகையின் மேல் வந்த விழுக்காடு. படிப்பவர் தன்னிடம் இருக்கும் 17,38,500-இலிருந்து 11.1% கழிப்பார், 15,45,527 என்று இன்னொரு தப்பான எண் பிறக்கும். கரூருக்கும் அதே விழுக்காட்டைக் கழித்துவிடுவார், அங்கே பிழையே இல்லாதபோது.

எது சரி என்று சொன்ன பத்தி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது. அதை விட்டுவிட்டால் பெறுநர் அறிக்கை முழுவதையும் சந்தேகிப்பார், ரொக்கக் கணக்கையும் உட்கார்ந்து மறுபடி கூட்டுவார். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் பார்த்தோம். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றுகள் தினசரி எண்ணிக்கையிலிருந்து விடுபட்டுப்போயின. பழைய வடிவ எக்செல் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது என்பதில் சிக்கியதால் வந்த வினை. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து விடுத்த அறிக்கையில் எண்ணும் தேதிகளும் இருந்தன, கூடவே தொற்று உறுதியான ஒவ்வொருவருக்கும் அவரவர் சோதனை முடிவு வழக்கம்போல் போய்ச் சேர்ந்தது என்ற வாக்கியமும் இருந்தது. பாதிக்கப்பட்டது தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலைதான். இந்தப் பிரிப்பு இல்லையென்றால் அந்த வாரம் சோதனை செய்துகொண்ட எல்லோரும் தம் முடிவைச் சந்தேகித்திருப்பார்கள். அதே நிகழ்ச்சியில் கற்றுக்கொள்ள இன்னொன்றும் உண்டு: விடுபட்டவை அக்டோபர் 3, 4 தேதிகளின் எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டன. அதனால் 4-ஆம் தேதி 22,961 என்று பெரிய எண் வந்தது. விளக்கத்தைப் படிக்காமல் வரைபடத்தை மட்டும் பார்த்தவருக்கு ஒரே நாளில் நோய் பாய்ந்தது போலத் தெரிந்தது. நம் கடையிலும் 5,65,150-ஐ நாளைய எண்ணில் கழித்துச் சரிக்கட்டக் கூடாது. எந்த நாளின் பிழையோ அந்த நாளிலேயே திருத்த வேண்டும்.

'தொழில்நுட்பக் கோளாறு' என்று காரணம் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது எதையும் சொல்லவில்லை. நாளைக்கும் வருமோ என்ற பயத்தை மட்டும் விட்டுச் செல்கிறது. அதே சமயம் வினவலையும் `JOIN`-ஐயும் மேலாளரிடம் விளக்கத் தேவையில்லை. துணிக்கடையில் இருப்பவருக்கு 'இந்தப் பில் இரண்டு முறை கூட்டப்பட்டது' என்பது புரியும், தன் கல்லாவில் அவரே சரிபார்த்தும் கொள்வார். வினவலை எழுதியவர் பெயர் இங்கே வேண்டாம்.

தலைப்பை மாற்றிப் புது மடலாக அனுப்பினோம். பழைய மடலுக்கே பதிலாக அனுப்பினால் தலைப்பு 'விற்பனை அறிக்கை மார்ச் 6' என்றே இருக்கும், பார்த்தாயிற்று என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பழைய மடலைத் திறப்பவர் திருத்தத்தைப் பார்க்க வேண்டுமே. அதனால் பழைய நான்கு மடல்களுக்கும் 'இதில் மொத்த விற்பனை தவறு, மார்ச் 7 திருத்த மடலைப் பாருங்கள்' என்று ஒற்றை வரிப் பதில் போட்டுவைக்கலாம். பொதுச் சேமிப்பில் உள்ள பழைய கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு எண்கள் உலவினால் அலுவலகத்தில் இருவர் சண்டை போடுவார்கள், இருவரும் தம் கையில் இருப்பதைக் காட்டி.

மடலுக்கு முன் போன் செய்ய வேண்டியவர்களும் உண்டு. திருப்பூர்க் கிளையின் தினசரி இலக்கு 3,75,000 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 6-க்கு அறிக்கை 3,98,050 என்றது. இலக்கு எட்டியாயிற்று, ஊக்கத்தொகை உண்டு என்று மேலாளர் தன் பணியாளர்களிடம் சொல்லியிருப்பார். சரியான எண் 3,51,400. இதை 38 பேர் படிக்கும் மடலில் அவர் முதன்முதலாகத் தெரிந்துகொள்வது நியாயமல்ல. பதினைந்து நிமிடம் முன்னால் கூப்பிட்டு, எண் ஏன் குறைந்தது, ஊக்கத்தொகையை யார் முடிவு செய்வார் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

பைசா அளவில் முழுமைப்படுத்தலால் வரும் வேறுபாட்டுக்கெல்லாம் அறிவிப்பு தேவையில்லை. அடிக்கடி வந்தால் உண்மையான அறிவிப்பையும் படிக்காமல் விடுவார்கள். அறிக்கையில் அச்சாகும் எண் மாறுகிறதா, அதை வைத்து யாராவது வேறு முடிவு எடுத்திருக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அனுப்புங்கள்.

அறிக்கையை மறுபடி தொடங்குவதற்கு முன் அந்த `.sh` கோப்பில் ஒரு நிபந்தனை சேர வேண்டும்: கிளைவாரியாக விற்பனையும் பணம் வந்த தொகையும் ஒத்துப்போகாவிட்டால் அறிக்கை 38 பேருக்கும் போகாமல், பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் எச்சரிக்கை போக வேண்டும். கடனுக்கு விற்கும் கடையாக இருந்தால் பாக்கித் தொகையையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட முடியும், இல்லாவிட்டால் தினமும் வீண் எச்சரிக்கை வரும். மார்ச் 8 காலை போகும் அறிக்கையின் தலையில் 'மார்ச் 3–6 எண்கள் திருத்தப்பட்டுள்ளன, மாத மொத்தம் திருத்திய எண்களின்படி' என்று ஒரு வரி இருக்கட்டும். விடுப்பில் இருந்தவர்கள் திரும்பி வந்து முதலில் திறப்பது அன்றைய அறிக்கையைத்தான், அதனால் அந்த வரியை மார்ச் 14 வரை எடுக்க வேண்டாம்.